8.05 முதல் 8.30 வரை: ஒரு ஷூ கம்பெனியில் சம்பளக் கணக்கில் வராத இருபத்தைந்து நிமிடம்

## பின்னணி

ஆம்பூர் பக்கம் வெளிநாட்டுக்கு ஷூ தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் நடந்தது இது. யார் பெயரும் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். தொழிலாளர்களுக்கு மனு எழுதிக்கொடுத்து, கணக்குப் போட்டுக்கொடுத்து உதவும் வேலையில் இருப்பதால் முதல் நாளிலிருந்து கடைசிக் கையெழுத்து வரை கூடவே இருந்தேன். இதே பிரச்சினை ராணிப்பேட்டை, வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று தோல் தொழில் இருக்கும் எந்த ஊரிலும் வரலாம் என்பதால் முழுதாக எழுதிவைக்கிறேன்.

தையல் செக்‌ஷனில் சுமார் 180 பேர், கிட்டத்தட்ட எல்லோரும் பெண்கள். மாதனூர், குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். வேலை நேரம் காலை 8.30 முதல் மாலை 5 வரை, நடுவில் அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை. ஆக ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரம் ஆறு நாளைக்கு 48. பெரும்பாலானவர்களுக்கு நாள் சம்பளம் 480 ரூபாய், மணிக்கு 60.

2021-ல் கொரோனாவுக்குப் பிறகு கம்பெனி திறந்தபோது, லைனுக்குப் போவதற்கு முன்னால் காய்ச்சல் பார்த்து, மாஸ்க் போடச் சொல்லி ஐந்து நிமிடம் நிறுத்தி அனுப்புவார்கள். யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. காய்ச்சல் பார்ப்பது நின்றுபோனது, கூட்டம் மட்டும் நிற்கவில்லை. நேற்று எத்தனை ஜோடி ஓடியது, எத்தனை ரிஜெக்ட், இன்றைக்கு எந்த ஸ்டைல், என்ன டார்கெட் என்று அது வளர்ந்து, 2023 தொடக்கத்தில் 8.05-க்கு ஆரம்பித்து 8.30 மணியடிக்கும் வரை நின்றபடியே நடக்கும் லைன் மீட்டிங் ஆகிவிட்டது. இது போதாதென்று அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை காலை 9 முதல் 1 வரை பயிற்சி. தீயணைப்பு, ரசாயனம் கையாளுதல், தரக் கட்டுப்பாடு. அதற்கும் சம்பளம் கிடையாது, ஒரு பொட்டலம் சாப்பாடு மட்டும்.

## பிரச்சினை எப்படி வெளியே வந்தது

2023 ஜூனில் ஒரு அக்கா சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து காட்டினார். பஸ் டயர் பஞ்சராகி 8.20-க்கு உள்ளே போயிருக்கிறார். அதற்கு "லேட்" என்று 30 ரூபாய் பிடித்திருந்தார்கள். அவருக்குப் பணத்தை விட வேறொன்று உறுத்தியது. அவர் கேட்டது இதுதான்: "வேலையே எட்டரைக்குத்தானே, எட்டு இருபதுக்கு வந்தவ எப்படி லேட்டு?"

ஹெச்.ஆர். அதிகாரியிடமும் இதையே கேட்டிருக்கிறார். "மீட்டிங்குக்கு லேட்மா" என்று பதில். "அப்ப மீட்டிங்குக்குச் சம்பளம் உண்டா சார்?" என்றதற்கு, "மெஷின் ஓடலையேமா, எதுக்குச் சம்பளம்?"

இந்தக் கேஸ் முழுக்க அந்த இரண்டு பதில்களுக்கு நடுவில்தான் நடந்தது. 8.05 முதல் 8.30 வரை வேலை நேரம் என்றால் அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். வேலை நேரம் இல்லை என்றால் அதற்குத் தாமதமாக வந்ததற்காகச் சம்பளத்தில் கை வைக்க முடியாது. 1936-ம் வருஷத்துச் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தின் 9-வது பிரிவு, வராத நேரத்துக்குப் பிடித்தம் செய்ய அனுமதித்தது, ஆனால் வேலை ஒப்பந்தப்படி தொழிலாளி வேலை செய்ய வேண்டிய நேரத்தில் வராமல் இருந்தால் மட்டும். ஆக 30 ரூபாய் பிடித்த அன்றைக்கே, அது வேலை செய்ய வேண்டிய நேரம்தான் என்று கம்பெனி தன் கையாலேயே எழுதிக்கொடுத்துவிட்டது. இல்லை, அது வேலை நேரமே இல்லை என்று பேச்சை மாற்றினால், பிடித்தது சட்டவிரோதப் பிடித்தம். அதே சட்டத்தின் 15-வது பிரிவில் பிடித்த தொகையோடு அதைப்போல் பத்து மடங்கு வரை நஷ்டஈடு கொடுக்கச் சொல்ல அதிகாரிக்கு அதிகாரம் இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் கம்பெனிக்கு வழி இல்லை.

## கண்டது, சேகரித்தது

முதலில் காகிதம். வாய்ப்பேச்சை நம்பி மனு போட்டால் "யாரையும் வரச் சொல்லவில்லை, அவர்களாகவே வந்து நின்றார்கள்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள்.

சம்பளச் சீட்டுகளைத் தேடச் சொன்னோம். பல பேர் அதை அரிசி டப்பாவுக்கு அடியிலும் ரேஷன் கார்டு கவருக்குள்ளும் வைத்திருந்தார்கள். பிடித்தம் எப்போதும் 30 ரூபாய், அதாவது சரியாக அரை மணி நேரச் சம்பளம். 8.10-க்கு மேல் வந்தால் பிடித்தம் என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி, எழுத்தில் எங்கேயும் இல்லை.

அடுத்தது பஞ்ச். கேட்டில் விரல் வைக்கும் மெஷின் 7.55, 8.01 என்று உண்மையான நேரத்தைப் பதிவு செய்கிறது. ஆனால் சம்பளக் கணக்குக்குப் போகும்போது சாஃப்ட்வேர் அதை 8.30 என்று ஆக்கிவிடுகிறது. அந்த மூலப் பதிவு எங்கள் கையில் இல்லை, கம்பெனியிடம்தான் இருக்கிறது. அதை ஆஜர்படுத்தச் சொல்லி மனுவிலேயே கேட்டோம்.

மூன்றாவதாகக் கிடைத்ததுதான் பெரிய விஷயம். ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் தரப்பு ஆடிட்டுக்கு வரும்போது, தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தீர்களா என்று கேட்பார்கள். அதற்காக கம்பெனி ஒரு பயிற்சி ரிஜிஸ்டர் வைத்திருந்தது. நீல அட்டை போட்ட நீள நோட்டு, ஒரு பக்கத்துக்கு ஒரு தேதி, மேலே "நேரம்: 8.05 – 8.30", தலைப்பு, சொல்லிக்கொடுத்தவர் பெயர், கீழே வரிசையாக ஒவ்வொருவர் கையெழுத்து. பையருக்கு இது பயிற்சி, கட்டாயம், எல்லோரும் வந்தார்கள் என்று நிரூபிக்க எழுதிவைத்ததே நமக்கும் அதையே நிரூபித்தது. நோட்டைத் தூக்கிவர யாரையும் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது, திருட்டு என்று ஒரு சார்ஜ் ஷீட் கொடுத்துவிடுவார்கள். அப்படி ஒரு ரிஜிஸ்டர் இருக்கிறது, எந்த அலமாரியில் இருக்கிறது, யார் பொறுப்பு என்பதை மட்டும் குறித்துக்கொண்டு அதையும் ஆஜர்படுத்தக் கேட்டோம்.

அப்புறம் நோட்டீஸ் போர்டு. தொழிற்சாலைச் சட்டம் 1948-ன் 61-வது பிரிவுப்படி வேலை நேர அறிவிப்பை ஒட்டிவைக்க வேண்டியிருந்தது. 63-வது பிரிவுப்படி அந்த அறிவிப்பில் இல்லாத நேரத்தில் யாரையும் வேலை வாங்கவும், வேலை செய்ய விடவும் தடை இருந்தது. போர்டில் 8.30 – 5.00, சாப்பாடு 12.30 – 1.00, அவ்வளவுதான். இந்தக் காகிதம் பின்னால் வேறொரு இடத்தில் உதவியது.

## எதைக் கேட்பது, எதை விடுவது

இதில்தான் நிறைய நேரம் பேசினோம். பஸ் 7.50-க்கே வந்துவிடுகிறது, அந்த நேரத்திலிருந்து கேட்கலாமே என்று சிலர் சொன்னார்கள். ஞாயமான ஆதங்கம், விடிகாலை நாலரைக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு வருகிறவர்கள். ஆனால் 7.50 முதல் 8.05 வரை அவர்கள் கேன்டீனில் உட்காரலாம், போனில் பேசலாம், வெளியே பெட்டிக் கடைக்குப் போய் வரலாம், யாரும் கேட்கமாட்டார்கள். 8.05 ஆனதும் அது இல்லை. பெயர் கூப்பிடுகிறார்கள், கையெழுத்து வாங்குகிறார்கள், வராவிட்டால் காசு பிடிக்கிறார்கள். அந்தக் கோட்டை நாங்களே போட்டுக்கொண்டது நல்லதாகப் போயிற்று, பேராசைப்படுகிறார்கள் என்று எதிர்த்தரப்பு சொல்ல வாய்ப்பே வரவில்லை.

பயிற்சியிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரு டிரஸ்ட் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறது, இடம் கம்பெனியுடையது. விரும்பியவர்கள் போகலாம், போகாதவர்களை யாரும் கேட்பதில்லை, தையல் வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதை விட்டுவிட்டோம். காலைப் பயிற்சி மட்டும் கேட்டோம், வராதவர்களிடம் விளக்கக் கடிதம் வாங்கியிருந்தார்கள்.

சங்கத்துப் பையன் ஒருவன் அமெரிக்க விதியை இறக்கிக் கொண்டுவந்தான். அங்கே ஒரு பயிற்சியை வேலை நேரத்தில் சேர்க்காமல் விட வேண்டுமானால், அது வழக்கமான நேரத்துக்கு வெளியே இருக்க வேண்டும், விருப்பத்தின் பேரில் இருக்க வேண்டும், செய்யும் வேலையோடு நேரடிச் சம்பந்தம் இருக்கக் கூடாது, அந்த நேரத்தில் வேறு வேலை வாங்கியிருக்கக் கூடாது. நான்கும் சேர்ந்திருந்தால்தான் விலக்கு. யோசித்துப் பார்க்க நல்ல அளவுகோல், ஆனால் வேலூரில் ஒரு அதிகாரி முன்னால் அதை நீட்டினால் நிற்காது. நம் தொழிற்சாலைச் சட்டத்தில் பயிற்சி நேரம் பற்றி அப்படி நேராக எழுதிவைத்த விதி இருக்கவில்லை. அதனால் நம் சட்டத்துக்குள்ளேயே தேடினோம். 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தில் வேலை நேரம் என்றால் தொழிலாளி முதலாளியின் ஏவலுக்குக் காத்து அவர் வசம் இருக்கும் நேரம் என்று விளக்கம் இருந்தது. அது டிரைவர், கண்டக்டருக்கான சட்டம், ஷூ கம்பெனியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் சக்கரம் சுற்றினால்தான் வேலை என்று இந்திய நாடாளுமன்றம் நினைக்கவில்லை என்று காட்ட அது போதும். "மெஷின் ஓடலையே" என்ற வாதத்துக்கு அதுதான் பதில்.

மனுவை எங்கே போடுவது என்பது அடுத்த கேள்வி. லேபர் கோர்ட்டில் தொழில் தகராறு சட்டத்தின் 33சி(2)-ன் கீழ் மனு போடலாம் என்றார் ஒரு வக்கீல். அங்கே ஏற்கெனவே உறுதியான உரிமைக்குத் தொகை கணக்கிட்டுத்தான் வாங்க முடியும், உரிமையே தகராறில் இருந்தால் முதலில் அதைத் தீர்த்துவிட்டு வா என்று அனுப்பிவிடும் ஆபத்து உண்டு. சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் ஓ.டி. தொகையும் "சம்பளம்" என்ற விளக்கத்துக்குள் வந்தது, எல்லோருக்கும் சேர்த்து ஒரே மனு போட முடிந்தது, மாதம் 24,000 ரூபாய்க்குள் வாங்குகிறவர்களுக்கு அது பொருந்தியது. குறை என்னவென்றால் 12 மாதத்துக்குப் பின்னால் போக முடியவில்லை. 2021, 2022-ல் நின்ற நேரமெல்லாம் பெரும்பாலும் போனதுதான். வேதனையாக இருந்தது, ஆனாலும் அதையே தேர்ந்தெடுத்தோம். கூடவே, தொழிலாளர் உதவி ஆணையரிடம் சமரசத்துக்கும் எழுதிக்கொடுத்தோம்.

மனுவில் கையெழுத்துப் போட்டது 62 பேர். மற்றவர்களுக்குப் பயம், அதைக் குறை சொல்ல மாட்டேன். 14 பேர் "டிரெய்னி" என்று எழுதப்பட்டிருந்த சின்னப் பெண்கள். டிரெய்னிக்கு எதுவும் கிடையாது என்று அவர்களை நம்பவைத்திருந்தார்கள். தொழில் பழகுநர் சட்டப்படி முறையாகப் பதிவு செய்திருந்தால் அவர்கள் கணக்கு வேறு. இவர்களுக்கு அப்படி எந்தப் பதிவும் இல்லை, மற்றவர்களோடு லைனில் உட்கார்ந்து ஏற்றுமதிக்குப் போகும் ஷூவின் அதே மேல்பாகத்தைத்தான் தைத்தார்கள். அவர்களையும் சேர்த்தோம்.

## கணக்கு

நாளைக்கு 9 மணி நேரம் தாண்டினால்தான் ஓ.டி. என்று பலரும் நினைக்கிறார்கள். இங்கே 25 நிமிடம் சேர்த்தாலும் 8 மணி 25 நிமிடம்தான், ஒன்பதைத் தொடவே இல்லை. கம்பெனியும் அதைத்தான் முதலில் சொன்னது. ஆனால் தொழிற்சாலைச் சட்டத்தின் 59-வது பிரிவு ஒரு நாளில் 9 மணி நேரம் அல்லது ஒரு வாரத்தில் 48 மணி நேரம், இதில் எதைத் தாண்டினாலும் இரட்டைச் சம்பளம் என்றது. இவர்கள் ஏற்கெனவே 48-ல் நிற்கிறார்கள். ஆறு நாள், நாளுக்கு 25 நிமிடம், வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். மணிக்கு 120 ரூபாய் வீதம் 300. அதாவது வேலைக்கு வந்த ஒரு நாளுக்கு 50 ரூபாய்.

இரண்டாவது அமர்வில் கம்பெனி வக்கீல் நல்ல ஒரு கணக்கோடு வந்தார். காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் டீ கொடுக்கிறோம், அதைக் கழித்தால் வாரத்துக்கு 46 மணி நேரம்தான் வேலை. மீட்டிங்கைச் சேர்த்தால் 48.5. ஆக அரை மணி நேரத்துக்குத்தான் இரட்டை, மீதி இரண்டு மணிக்குச் சாதாரணச் சம்பளம், மொத்தம் வாரம் 180 என்றார். மீட்டிங் வேலை நேரம் என்று அந்தக் கணக்கிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பதை அங்கேயே குறித்துக்கொண்டோம்.

போர்டில் ஒட்டிய அறிவிப்பை அப்போதுதான் எடுத்தோம். அதில் டீ இடைவேளை என்று ஒன்றுமே இல்லை. அறிவிப்பில் இல்லாததை இப்போது இடைவேளை என்று எப்படிக் கழிப்பீர்கள்? அதோடு ஒரு அக்கா எழுந்து சொன்னார்: "காலைல டீ கேன்டீன்ல இல்ல சார், லைனுக்கே வரும். ஒரு கையில டம்ளர், ஒரு கையில பீஸ். சூப்பர்வைசர் பக்கத்துலயே நிப்பாரு." மாலை டீக்குக் கேன்டீன் போவது உண்மை என்பதையும் அவரே சொன்னார். அந்த நேர்மை எங்களுக்கு உதவியதே தவிர இடைஞ்சல் செய்யவில்லை.

## முடிவு

ஏழெட்டு மாதம் இழுத்தது. பயிற்சி ரிஜிஸ்டரை ஆஜர்படுத்த அதிகாரி தேதி கொடுத்த பிறகுதான் பேச்சுவார்த்தைக்கு வேகம் வந்தது. காரணம் எளிது. அந்த நோட்டு உண்மை என்றால் சம்பளம் தர வேண்டும், பொய் என்றால் பையரிடம் காட்டிய ஆடிட் ஆவணம் பொய் என்று ஆகும்.

2024 தொடக்கத்தில் சமரசம் ஆனது. காலை டீ வேலை நேரம், மாலை டீ இடைவேளை என்று இரண்டு பக்கமும் ஏற்றுக்கொண்டார்கள். அப்படிப் பார்த்தால் வாரத்துக்கு 47 மணி நேரம், மீட்டிங்கோடு 49.5. ஒன்றரை மணி நேரத்துக்கு இரட்டையாக 180, ஒரு மணிக்குச் சாதாரணமாக 60, வாரம் 240, ஒரு நாளுக்கு 40. ஞாயிறு பயிற்சிக்குத் தகராறே இல்லை. ஆறு நாள் வேலை முடிந்த பிறகு வரும் 4 மணி நேரம் என்பதால் முழுக்க இரட்டை, ஒரு ஞாயிற்றுக்கு 480. ஒரு வருஷத்தில் 290 நாள் வேலைக்கு வந்து, எட்டு ஞாயிறு பயிற்சிக்கும் போன ஒருவருக்கு 11,600 கூட்டல் 3,840, மொத்தம் 15,440 ரூபாய். மூன்று தவணை. லேட் என்று பிடித்த 30 ரூபாய்களும் திரும்பி வந்தன. பத்து மடங்கு நஷ்டஈடு கோரிக்கையை விட்டுக்கொடுத்தோம்.

கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு முக்கியமான முடிவு எடுக்க வேண்டியிருந்தது. தனியாக எங்களோடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம், சீக்கிரம் முடியும் என்றது கம்பெனி. தொழில் தகராறு சட்டத்தின் 18(1)-ன் கீழ் அப்படிப் போட்டால் அது கையெழுத்திட்ட தரப்புகளை மட்டும்தான் கட்டுப்படுத்தும். சமரச அதிகாரி முன்னால் 12(3)-ன் கீழ் போட்டால் மனுவில் இல்லாதவர்களுக்கும், நாளைக்குப் புதிதாகச் சேர்கிறவர்களுக்கும் சேர்த்துப் பொருந்தும். இன்னும் சில வாரம் ஆனாலும் பரவாயில்லை என்று அந்த 62 பேரும் சொன்னார்கள். பயந்து ஒதுங்கியவர்களுக்கும் பணம் கிடைத்தது இப்படித்தான்.

## அதற்குப் பிறகு

மீட்டிங் 8.30-க்கு, மணியடித்த பிறகு என்று மாறியது. சம்பளம் கொடுக்கும் நேரம் என்று ஆனதும் 25 நிமிடம் பத்து நிமிடமாகச் சுருங்கியது, ஒரு ஸ்டைல் மாறும் நாளில் மட்டும் கொஞ்சம் நீளும். ஞாயிறு பயிற்சி வார நாளுக்குள் வந்தது.

சில மாதம் கழித்து வேறு ரூபத்தில் திரும்ப ஆரம்பித்தது. 8.20-க்கே வந்து நூல் கோத்து, பாபின் மாற்றி, மெஷினைத் துடைத்து வை, மணியடித்ததும் தையல் ஓட வேண்டும் என்று ஒரு சூப்பர்வைசர் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். எழுத்திலும் இல்லை, ரிஜிஸ்டரிலும் இல்லை, பிடித்தமும் இல்லை. ஆனால் வராதவர்களை டார்கெட் போர்டில் தனியாக எழுதினார். இந்த முறை பெண்கள் யாரையும் தேடி வரவில்லை, மணியடிக்கும் வரை மொத்தமாகக் கேன்டீனிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஒரு வாரத்தில் அது நின்றது. நிற்காமல் போயிருந்தால் நிரூபிப்பது முன்னதை விடக் கஷ்டமாக இருந்திருக்கும், அந்த டார்கெட் போர்டைத் தினமும் தேதியோடு படம் எடுத்துவைப்பதுதான் வழி.

## அடுத்த முறை என்ன மாறும்

இதே கேஸ் இன்றைக்கு வந்தால் பாதை வேறு. பழைய சட்டங்கள் பலவற்றுக்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஊதியத் தொகுப்பில் கோரிக்கை மனுவுக்கு மூன்று வருஷம் அவகாசம் இருக்கிறது, சம்பளம் பாக்கி என்று மனு போட்டால் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. ஓ.டி.க்கு இரட்டை என்பது அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த நேரம் வேலை நேரம்தானா என்ற கேள்வியில் தொழிலாளி கையில் இன்னமும் காகிதம் வேண்டும். நடந்தது என்று காட்டிய பிறகுதான் கொடுத்தீர்களா என்ற கேள்வி வரும்.

அதனால் இப்போது யாராவது வந்து கேட்டால் முதலில் மூன்று விஷயம் விசாரிக்கிறேன்: வராவிட்டால் என்ன செய்கிறார்கள், எதில் கையெழுத்து வாங்குகிறார்கள், போர்டில் என்ன நேரம் ஒட்டியிருக்கிறது. சம்பளச் சீட்டை மாதாமாதம் போனில் படம் எடுத்து இரண்டு பேருக்காவது அனுப்பி வைக்கச் சொல்கிறேன். வீட்டில் வைத்திருந்த சீட்டுகளில் சில, மை மங்கிப்போய் தொகையே படிக்க முடியாத நிலையில்தான் கிடைத்தன.